இருவர் செய்த விபத்து, ஒருவரிடம் மட்டும் பணம்

இரவு நேரம். மாவட்ட நெடுஞ்சாலையில் ஒரு ஷேர் ஆட்டோ, முன்னால் போகும் பேருந்தை முந்துகிறது. எதிரே ஒரு லாரி வேகமாக வருகிறது. அதன் வலப்பக்க முகப்பு விளக்கு எரியவில்லை. இடப்பக்க விளக்கு மட்டும் எரிவதால், தொலைவிலிருந்து பார்ப்பவருக்குச் சாலையோரமாக வரும் மோட்டார் சைக்கிள் போலத் தோன்றும். இரண்டும் மோதுகின்றன. ஆட்டோவின் பின்னிருக்கையில் இருந்த 32 வயதுத் தச்சர் இறந்துபோகிறார். மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நான்கு பேர் அவர் வருமானத்தை நம்பி இருந்தவர்கள். இது எடுத்துக்காட்டுக்காக எடுத்துக்கொண்ட வழக்குதான் என்றாலும், மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்கு அன்றாடம் வரும் வகையைச் சேர்ந்தது. விசாரணை முடிவில் ஆட்டோ ஓட்டுநர்மீது 70 விழுக்காடு, லாரி ஓட்டுநர்மீது 30 விழுக்காடு கவனக்குறைவு என்று தீர்ப்பாயம் முடிவுக்கு வருகிறது. ஆட்டோவின் இன்சூரன்ஸ் மூன்று மாதங்களுக்கு முன்பே காலாவதியாகிவிட்டது. அதன் உரிமையாளருக்குச் சொத்து என்று இருப்பது, கடன் பாக்கியுள்ள அந்த ஆட்டோ மட்டும்தான். லாரிக்கு நடப்பிலுள்ள இன்சூரன்ஸ் இருக்கிறது. 30 விழுக்காடு தவறு செய்தவரின் இன்சூரன்ஸ் கம்பெனி எவ்வளவு தர வேண்டும் என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

முதலில் தொகையைப் பார்த்துவிடலாம். தச்சரின் மாத வருமானம் 15,000 ரூபாய் என்று மெய்ப்பிக்கப்பட்டதாகக் கொள்வோம். 40 வயதுக்கு உட்பட்ட சுயதொழில் செய்வோருக்கு, வருங்கால வருமான உயர்வுக்காக 40 விழுக்காடு சேர்க்க வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டு பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு வகுத்த விதி. அப்படிச் சேர்த்தால் மாதம் 21,000, ஆண்டுக்கு 2,52,000. சார்ந்திருப்போர் நான்கு பேர் என்பதால், இறந்தவர் தமக்காகச் செலவிட்டிருக்கக்கூடிய கால் பங்கைக் கழித்தால் 1,89,000. அவர் வயதுக்கு உரிய பெருக்கெண் 16. ஆக, வருமான இழப்பு மட்டும் 30,24,000 ரூபாய். ஈமச் செலவு, துணையிழப்பு போன்ற தலைப்புகளின் தொகைகளையும் வட்டியையும் இங்கே விட்டுவிடுகிறேன். 30,24,000இல் ஆட்டோவின் பங்கு 21,16,800. லாரியின் பங்கு 9,07,200. தத்தம் பங்கை மட்டும் கட்டினால் போதும் என்று சட்டம் சொன்னால், அந்தக் குடும்பத்தின் கைக்கு வருவது ஒன்பது லட்சத்துச் சொச்சம். மீதி இருபத்தொரு லட்சம் தீர்ப்புத் தாளில் மட்டும் இருக்கும்.

இந்தியச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கெனியே எதிர் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் என்ற வழக்கில் 2015 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவாக வரையறுத்தது. பேருந்தும் டிரெய்லர் லாரியும் மோதிய வழக்கு அது. தவறு செய்த இருவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் முழு இழப்பீட்டுக்குப் பொறுப்பாளிகள். பாதிக்கப்பட்டவர் இருவர்மீதும் மனு போடலாம், ஒருவர்மீது மட்டும் போட்டும் முழுத் தொகையையும் பெறலாம். அவரைப் பொறுத்தவரை தொகையைப் பங்கு பிரிக்க இடமில்லை. விழுக்காடு என்பது தவறு செய்த இருவரும் தங்களுக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்வதற்கு மட்டுமே. எனவே நம் எடுத்துக்காட்டில் லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனி முழு 30,24,000 ரூபாயையும் கட்ட வேண்டும். பிறகு 21,16,800 ரூபாயை ஆட்டோ உரிமையாளரிடமிருந்து வசூலிக்க முயலலாம். அந்த முயற்சி தோற்றால் நட்டம் கம்பெனிக்கு, குடும்பத்துக்கு அல்ல. உயிரிழப்பிலும் உடற்காயத்திலும், பாதிக்கப்பட்டவர்மீது எந்தத் தவறும் இல்லாதவரை இந்த விதிதான் சரி என்பது என் நிலைப்பாடு. அவர்மீதும் தவறு இருக்கும்போது இதை அப்படியே வைத்திருக்க முடியாது என்பதையும் பின்னர் சொல்வேன்.

விதியை எதிர்ப்போரின் வலுவான வாதம் எளிமையானது: முப்பது விழுக்காடு தவறு செய்தவர் நூறு விழுக்காடு கட்டுவது எப்படி நியாயம்? கேட்டவுடன் மறுக்க முடியாததுபோல் தோன்றும் இந்தக் கேள்விக்குள் ஒரு குழப்பம் ஒளிந்திருக்கிறது. முப்பது என்ற எண் எதை அளக்கிறது? இருவரின் நடத்தையில் எது எவ்வளவு கண்டிக்கத்தக்கது என்ற ஒப்பீட்டை அளக்கிறது. லாரி ஓட்டுநர் அந்த மரணத்தில் முப்பது விழுக்காட்டை உண்டாக்கினார் என்று அதற்குப் பொருள் இல்லை. மரணத்தைப் பங்கு போட முடியாது. வலப்பக்க விளக்கு எரிந்திருந்தால் ஆட்டோக்காரர் முந்தியிருக்க மாட்டார். லாரி வேகத்தைக் குறைத்திருந்தால் மோதல் நடந்திருக்காது. ஆட்டோ முந்தாமல் இருந்திருந்தாலும் நடந்திருக்காது. ஒவ்வொருவரின் தவறும் முழு மரணத்துக்கும் இன்றியமையாத காரணம். லாரி மட்டும் தனியாகத் தவறு செய்து இதே தச்சர் இறந்திருந்தால், அது முழுத் தொகையையும் கட்டியிருக்கும், யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். இன்னொருவரும் தவறு செய்தார் என்பது அதன் கடனைக் குறைக்கும் காரணமாக ஏன் ஆக வேண்டும்? அந்த இன்னொருவரிடம் பணம் இருந்தால் அவரிடமிருந்து பங்கைத் திரும்பப் பெறும் உரிமை லாரிக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது. இரண்டாவது தவறாளர் இருப்பதால் அதன் நிலை ஒருபோதும் மோசமாவதில்லை. சில வேளைகளில் மேம்படுகிறது.

இதைத் தாண்டியும் ஒன்று இருக்கிறது. ஆட்டோ உரிமையாளரால் கட்ட முடியாத 21,16,800 ரூபாய் எங்கோ மறைந்துபோவதில்லை. யாரோ ஒருவர் அதைச் சுமந்தே தீர வேண்டும். சுமக்கக்கூடியவர்கள் இரண்டே பேர்: எந்தத் தவறும் செய்யாத குடும்பம் ஒன்று, தவறு செய்தவரென்று தீர்ப்பான லாரித் தரப்பு மற்றொன்று. பங்குக்கு மேல் கட்டுவது அநியாயம் என்று சொல்வோர், நட்டத்தைக் குடும்பத்தின் தலையில் வைப்பதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தக் குடும்பத்தின் பங்கு பூஜ்யம். பங்குக்கு மேல் சுமப்பது அநியாயம் என்ற அதே அளவுகோலை வைத்தால், பூஜ்யம் பங்குள்ளவர் இருபத்தொரு லட்சம் சுமப்பது அதைவிடப் பெரிய அநியாயம்.

ஒருவரால் கட்ட முடியாவிட்டால் என்ன என்ற கேள்வி இந்தியச் சட்டத்துக்குப் புதிதல்ல. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 43ஆம் பிரிவில், கூட்டாகக் கடன்பட்டவர்களைப் பற்றி இதையே பேசுகிறது. அங்கே சட்டமே தரும் எடுத்துக்காட்டு ஒன்று: மூவர் சேர்ந்து ஒருவருக்கு 3,000 ரூபாய் தருவதாக வாக்களிக்கிறார்கள். மூன்றாமவரிடமிருந்தே முழுத் தொகையும் வசூலிக்கப்படுகிறது. முதலாமவர் நொடித்துப்போனவர், அவர் சொத்து அவருடைய கடன்களில் பாதியைத்தான் தீர்க்கும். அப்போது முழுத் தொகையும் கட்டியவர், நொடித்தவரின் சொத்திலிருந்து 500 ரூபாயும் இரண்டாமவரிடமிருந்து 1,250 ரூபாயும் பெறலாம். வராமல்போன 500 ரூபாயை எஞ்சிய இருவரும் ஆளுக்கு 250 வீதம் ஏற்கிறார்கள். கடன் கொடுத்தவருக்கு ஒரு பைசாவும் குறையவில்லை. இது விருப்பத்தோடு ஒப்பந்தம் செய்தவர்களுக்கான விதி, விபத்துக்கு அப்படியே பொருந்தாது என்று சொல்லலாம். ஆனால் யோசித்துப் பார்த்தால் விபத்தில் பாதிக்கப்பட்டவரின் நியாயம் இன்னும் வலுவானது. கடன் கொடுத்தவர் மூவரின் தகுதியையும் பார்த்துத்தான் கொடுத்தார். பின்னிருக்கையில் இருந்த தச்சர் எதிரே வரும் லாரியைத் தேர்ந்தெடுக்கவில்லை.

தவறு செய்தவர்கள் தங்களுக்குள் பங்கைத் திரும்பப் பெறும் உரிமை எப்போதும் இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த விதியின்மீது விழுந்த கெட்ட பெயரில் பெரும்பகுதி அந்தக் காலத்தைச் சேர்ந்தது. 1799ஆம் ஆண்டு மெர்ரிவெதர் எதிர் நிக்சன் வழக்கில், ஓர் ஆலையின் இயந்திரங்களுக்குச் சேதம் செய்த இருவரில் ஒருவரிடமிருந்தே 840 பவுண்டும் வசூலானது. அவர் மற்றவரிடம் பாதி கேட்டபோது இங்கிலாந்து நீதிமன்றம் மறுத்துவிட்டது. தவறு செய்தவர் தம் தவறை வைத்தே உரிமை கோர முடியாது என்பது அன்றைய எண்ணம். அந்த ஏற்பாட்டில் யார் சிக்குகிறாரோ அவர் முழுத் தொகையையும் இழப்பார், மற்றவரிடம் பணம் இருந்தாலும் அவர் தப்பிவிடுவார். இங்கிலாந்து இதை 1935இல் சட்டம் போட்டு மாற்றியது. அலகாபாத் உயர் நீதிமன்றம் 1951இல் அந்தப் பழைய விதி இந்தியாவில் செல்லாது என்றது. பங்கைத் திரும்பப் பெறும் வழி திறந்த பிறகு, முழுப் பொறுப்பு என்பது பெரும்பாலும் யார் முன்பணம் போடுவது, யார் வசூலிக்க அலைவது என்ற கேள்வியாகச் சுருங்கிவிடுகிறது. மற்றவர் நொடித்திருக்கும்போது மட்டுமே அது உண்மையான நட்டமாகிறது.

பங்குக்கு மட்டும் பொறுப்பு என்ற விதியை ஒரு நாடு நடைமுறையில் சுவைத்துப் பார்த்துவிட்டுத் துப்பியதும் உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் தூசியைச் சுவாசித்தவர்களுக்குப் பல பத்தாண்டுகள் கழித்து மீசோதெலியோமா என்ற புற்றுநோய் வருகிறது. ஒருவர் பல முதலாளிகளிடம் வேலை செய்திருப்பார். எவரிடம் சுவாசித்த தூசி நோயைத் தந்தது என்று மருத்துவத்தால் சொல்ல முடியாது. நோய் தெரியவரும்போது அந்த நிறுவனங்களில் பல மூடப்பட்டிருக்கும், அவற்றின் இன்சூரன்ஸ் கம்பெனிகளும் திவாலாகியிருக்கும். 2006 மே மாதம் பார்க்கர் எதிர் கோரஸ் வழக்கில் பிரபுக்கள் அவை, ஒவ்வொரு முதலாளியும் தாம் உண்டாக்கிய அபாயத்தின் பங்குக்கு மட்டுமே பொறுப்பு என்றது. காரணத்தை மெய்ப்பிக்கும் சுமையையே நீதிமன்றம் தளர்த்தியிருந்த நிலையில் இது ஒரு நியாயமான ஈடுசெய்தல் என்று நீதிபதிகள் கருதினார்கள். அந்த வாதம் வலுவற்றதல்ல. ஆனால் நடைமுறையில், மறைந்துபோன முதலாளிகளின் பங்கு முழுவதும் நோயாளிகளின் மனைவி மக்கள் தலையில் விழுந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் மூன்று மாதம்கூடப் பொறுக்கவில்லை. அதே ஆண்டு ஜூலையில் நிறைவேறிய இழப்பீட்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, இந்த நோயைப் பொறுத்தவரை ஒவ்வொரு முதலாளியும் முழுத் தொகைக்கும் பொறுப்பு என்று முன்தேதியிட்டு மாற்றியது. அறிவுக்கு இசைவாகத் தோன்றிய பங்கீடு, நொடித்தவர்களின் கடனை யார் சுமக்கிறார்கள் என்று கணக்குப் பார்த்தவுடன் நிற்கவில்லை.

எதிர்த்தரப்பு மிகவும் விரும்பி எடுத்துக்காட்டும் வழக்கு அமெரிக்காவின் புளோரிடாவைச் சேர்ந்தது. டிஸ்னி பொழுதுபோக்குப் பூங்காவில் சிறு கார்களை ஓட்டும் விளையாட்டில், ஒரு பெண்ணின் காரைப் பின்னாலிருந்து அவருக்கு நிச்சயிக்கப்பட்டவரின் கார் மோதியது. ஜூரி பிரித்த கணக்கு: அந்தப் பெண்மீது 14 விழுக்காடு, நிச்சயிக்கப்பட்டவர்மீது 85, பூங்காமீது 1. மொத்தச் சேதம் 75,000 டாலர். அதற்குள் இருவருக்கும் திருமணம் முடிந்திருந்தது. கணவரிடமிருந்து அவர் எதையும் பெறப்போவதில்லை. பூங்கா 86 விழுக்காடு, அதாவது 64,500 டாலர் கட்ட வேண்டும் என்று தீர்ப்பானது. புளோரிடா உச்ச நீதிமன்றம் 1987இல் அதை உறுதிசெய்தது. ஒரு விழுக்காடு தவறுக்கு எண்பத்தாறு விழுக்காடு பணம். அமெரிக்க மாநிலங்களில் இந்த விதியைச் சுருக்கவும் நீக்கவும் எழுந்த இயக்கத்துக்கு இப்படிப்பட்ட வழக்குகளே எரிபொருளாயின. கலிபோர்னியா 1986இலேயே வாக்கெடுப்பு நடத்தி, வலி, வேதனை போன்ற பணமதிப்பில்லா இழப்புகளுக்குப் பங்குப் பொறுப்பு மட்டும் போதும் என்று மாற்றிவிட்டது. புளோரிடா 2006இல் கூட்டுப் பொறுப்பைப் பெருமளவுக்கு ஒழித்தது.

டிஸ்னி வழக்கின் முடிவு நெருடுகிறது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நெருடுவது எதனால் என்று பார்க்க வேண்டும். அங்கே பாதிக்கப்பட்டவர்மீதே 14 விழுக்காடு தவறு இருந்தது. நான் மேலே சொன்ன அடிப்படை, பாதிக்கப்பட்டவர் தவறற்றவர் என்பது. அவரும் விபத்துக்குக் காரணமான கூட்டத்தில் ஒருவராகிவிட்டால், நொடித்தவரின் பங்கை மற்றத் தவறாளர் மட்டும் சுமக்க வேண்டும் என்பதற்கு அந்த நியாயம் இல்லை. அமெரிக்காவில் 1977இல் வகுக்கப்பட்ட ஒரு மாதிரிச் சட்டம் இதற்கு நல்ல வழி சொல்கிறது: கட்ட முடியாதவரின் பங்கை, எஞ்சியவர்களிடையே, பாதிக்கப்பட்டவரையும் சேர்த்து, அவரவர் தவறின் விகிதத்தில் மறுபங்கீடு செய்யலாம். டிஸ்னி வழக்கில் அதைப் போட்டுப் பார்த்தால், 85ஐப் பெண்ணுக்கும் பூங்காவுக்கும் 14:1 என்று பிரிக்க வேண்டும். பூங்கா மொத்தத்தில் பதினைந்தில் ஒரு பங்கு, அதாவது 5,000 டாலர் கட்டும். மீதி 70,000 அந்தப் பெண்ணின் சுமையாகும். 64,500 எங்கே, 5,000 எங்கே! இது அவருக்குக் கடுமையான முடிவுதான். ஆனாலும் தன் தவறு பூங்காவின் தவறைப் போல் பதினான்கு மடங்கு என்று தீர்மானிக்கப்பட்ட ஒருவர், வராத பணத்திலும் அந்த விகிதத்தில் சுமப்பதை அநியாயம் என்று சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. இந்த மறுபங்கீட்டின் அழகு இன்னொன்று: தச்சர் வழக்கில் அதையே போட்டால், தச்சரின் தவறு பூஜ்யம் என்பதால் ஆட்டோவின் 70 முழுவதும் லாரிக்கே போய்ச் சேரும். தவறற்றவருக்கு முழுப் பாதுகாப்பு, தவறுள்ளவருக்கு அவர் தவறின் அளவுக்குச் சுமை என்று ஒரே விதி இரண்டையும் தருகிறது.

இந்திய நீதிமன்றங்கள் இந்த இரண்டு நிலைகளையும் ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கின்றன. 2008இல் டி.ஓ. ஆண்டனி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. இரண்டு பேருந்துகள் மோதிய அந்த வழக்கில் இழப்பீடு கேட்டவரே ஒரு பேருந்தை ஓட்டியவர். அவர் கேட்கும் தொகையிலிருந்து அவர் தவறின் பங்கு கழிக்கப்படும். அதே விபத்தில் பேருந்தில் இருந்த பயணி கேட்டிருந்தால் எதுவும் கழியாது. இரு தரப்பும் அவருக்கு முழுப் பொறுப்பு. ஒரே மோதல், ஒரே விழுக்காடு; கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறது. ஆனால் ஓட்டுநரான மனுதாரர்மீது 20, பணமுள்ள எதிர்மனுதாரர்மீது 30, நொடித்தவர்மீது 50 என்று மூன்றாகப் பிரியும் வழக்கில் அந்த 50ஐ என்ன செய்வது என்பதற்குச் சட்டத்தில் எழுதிவைத்த விதி இல்லை. மறுபங்கீடு இங்கேதான் தேவை: 50ஐ 20:30 என்று பிரித்தால் மனுதாரர் 40 சுமப்பார், பணமுள்ளவர் 60 கட்டுவார்.

விதிக்கு எதிரான வாதங்களில் என்னை மிகவும் கவலைப்படுத்துவது, நீதிமன்ற அறையில் நடப்பதைப் பற்றியது. முழுத் தொகையும் வர வேண்டுமானால் இன்சூரன்ஸ் உள்ள வண்டிமீது ஏதாவது ஒரு விழுக்காடு தவறு விழுந்தால் போதும் என்று ஆகிவிட்டால், எல்லோரும் அந்த விழுக்காட்டைத் தேடுவார்கள். எதிரே இருப்பவர் கைம்பெண்ணும் பிள்ளைகளும் எனும்போது, முற்றிலும் தவறற்ற லாரிமீது பத்து விழுக்காடு சுமத்திவிடும் இரக்கம் எந்த மனிதருக்கும் வரக்கூடியது. இந்த ஆபத்து உண்மையானது. ஆனால் அதற்கான மருந்து, விதியைத் தளர்த்துவதில் இல்லை. தவறு உண்டா என்ற கேள்விக்குச் சான்றைக் கண்டிப்பாகக் கேட்பதில் இருக்கிறது. முதல் தகவல் அறிக்கை பெரும்பாலும் ஒரு தரப்பு சொன்னதன் பதிவு. அதை மட்டும் வைத்து விழுக்காடு போடக் கூடாது. போலீஸ் வரைந்த சம்பவ இட வரைபடத்தில் மோதிய இடம் சாலையின் எந்தப் பாதியில் இருக்கிறது, சக்கரத் தடம் எவ்வளவு நீளம், வண்டிகள் எங்கே நின்றன என்று பார்க்க வேண்டும். மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையில் சேதம் எந்தப் பக்கம், பிரேக் வேலை செய்ததா, விளக்கு எரிந்ததா என்பது இருக்கும். நம் வழக்கில் லாரியின் வலப்பக்க விளக்கு மோதலில் உடைந்ததா, அதற்கு முன்பே எரியாமல் இருந்ததா என்பதுதான் முழு வழக்கின் அச்சு. இணைப்பு முனை துருப்பிடித்திருந்தால் அது பழைய பழுதாக இருக்கலாம். கண்ணாடி மட்டும் நொறுங்கி இணைப்பு சரியாக இருந்தால் அது மோதலின் விளைவாக இருக்கலாம். ஆய்வாளர் அறிக்கை இதைச் சொல்லாவிட்டால் அவரைக் கூண்டில் ஏற்றிக் கேட்க வேண்டும். கேட்டும் சான்று கிடைக்கவில்லை என்றால் லாரிமீது தவறு இல்லை என்றுதான் தீர்ப்பு வர வேண்டும், குடும்பம் எவ்வளவு ஏழையாக இருந்தாலும். முழுப் பொறுப்பு என்பது கனமான சுமை. அதைத் தூக்கி வைக்கும் முன் காட்டும் கவனமும் அதற்கு ஈடாக இருக்க வேண்டும்.

பிரீமியம் உயரும் என்ற வாதத்தைச் சுருக்கமாகவே பார்க்கலாம். இருபத்தொரு லட்சத்தை ஒரு குடும்பம் தனியாகச் சுமப்பதற்கும், சாலையில் ஓடும் வண்டிகள் எல்லாம் சேர்ந்து சிறுகச் சிறுகச் சுமப்பதற்கும் இடையே தேர்ந்தெடுக்கச் சொன்னால், கட்டாய மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் எதற்காக வந்ததோ அதுவே விடை. கணக்கைத் தணிக்கை செய்தவர், கட்டிடத்தை மதிப்பிட்டவர் போன்றோரின் தவறால் வங்கிக்கோ முதலீட்டாளருக்கோ வரும் பண இழப்பு வேறு வகை. அங்கே நட்டப்பட்டவர் பெரும்பாலும் தம் எதிர்த்தரப்பைத் தேர்ந்தெடுத்தவர், ஒப்பந்தம் எழுதியவர், பிணை கேட்டிருக்கக்கூடியவர். ஆஸ்திரேலியா இத்தகைய பண இழப்புகளுக்குப் பங்குப் பொறுப்பைக் கொண்டுவந்தது. ஆனால் 2002இல் அங்கே கவனக்குறைவுச் சட்டத்தை ஆராய்ந்த இப் குழு, உடற்காயத்துக்குக் கூட்டுப் பொறுப்பே நீடிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தப் பிரிவினை எனக்குச் சரியாகவே படுகிறது.

இனி, முழுத் தொகையும் கட்டிய இன்சூரன்ஸ் கம்பெனி தன் 21,16,800 ரூபாயைத் தேடிப் போகும் வழி. கெனியே தீர்ப்பு இதற்கும் ஒரு குறுக்குவழி தந்திருக்கிறது. இரு வண்டித் தரப்பையும் மூல வழக்கிலேயே சேர்த்து, விழுக்காடும் அங்கேயே தீர்மானிக்கப்பட்டிருந்தால், தனி வழக்குப் போட வேண்டாம். நிறைவேற்று மனுவிலேயே மற்றவரிடம் வசூலிக்கலாம். ஒரு தரப்பு மட்டும் வழக்கில் இருந்தால், இல்லாதவரின் விழுக்காட்டை நீதிமன்றம் அவர் முதுகுக்குப் பின்னால் தீர்மானிக்கக் கூடாது. கட்டியவர் பின்னர் தனி வழக்குப் போட வேண்டும். நடைமுறையில் கோளாறு தொடங்குவது இங்கேதான். மனுதாரரின் வழக்கறிஞருக்கு இன்சூரன்ஸ் உள்ள வண்டி போதும். ஆட்டோக்காரரைச் சேர்த்தால் நோட்டீஸ் சார்வாக நாளாகும் என்று விட்டுவிடுகிறார். கம்பெனியின் வழக்கறிஞரும் அவரைச் சேர்க்கச் சொல்லி மனுப் போடுவதில்லை. பல ஆண்டுகள் கழித்துத் தனி வழக்குப் போடும்போது ஆட்டோ கைமாறியிருக்கும், சாட்சிகள் ஊர் மாறியிருப்பார்கள். காப்பீடில்லாத வண்டியை உரிய பிணை இல்லாமல் விடுவிக்கக் கூடாது, மூன்று மாதம் கழித்து ஏலம் விட்டுத் தொகையைத் தீர்ப்பாயத்தில் கட்ட வேண்டும் என்ற வகையில் விதிகள் இயற்றும்படி உச்ச நீதிமன்றம் 2018இல் மாநிலங்களைப் பணித்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நசுங்கிய ஒரு ஷேர் ஆட்டோவின் ஏலத்தொகை இருபத்தொரு லட்சத்தின் ஓரத்தைக்கூடத் தொடாது. காப்பீடின்றி ஓடும் வண்டியைச் சாலையிலேயே நிறுத்துவது ஒன்றுதான் கம்பெனிகளின் சுமையை உண்மையில் குறைக்கும்.

கட்டக்கூடியவர் என்று சட்டம் கருதுபவரும் உடனே கட்டுவார் என்பதில்லை. அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்குக் கட்டாய இன்சூரன்சிலிருந்து விலக்குப் பெறும் வழி மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவில் இருக்கிறது. தனி நிதி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. அப்படியிருந்தும் இழப்பீடு கட்டாத அரசுப் பேருந்தை நீதிமன்ற ஊழியர்கள் பேருந்து நிலையத்திலேயே ஜப்தி செய்யும் செய்தி தமிழ்நாட்டு நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது. அரசுப் பேருந்தும் காப்பீடில்லாத வண்டியும் மோதிய வழக்கில், கூட்டுப் பொறுப்பு என்பது அந்தக் குடும்பத்துக்கு ஜப்தி வரை போகும் உரிமையைத் தருகிறது. பங்குப் பொறுப்பாக இருந்தால் மற்றப் பங்குக்கு ஜப்தி செய்யவும் ஒன்றும் இருக்காது.

நாடாளுமன்றம் செய்ய வேண்டியது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 168ஆம் பிரிவில் கெனியே விதியை எழுத்தில் சேர்த்து, மனுதாரர்மீதும் தவறு உள்ள வழக்குகளுக்கு மட்டும் மறுபங்கீட்டையும் அதன் கீழேயே எழுதுவது. அது வரும்வரை, விபத்தில் சொந்தத்தை இழந்து மனுப் போடுவோர் இரு வண்டிகளின் ஓட்டுநர், உரிமையாளர், இன்சூரன்ஸ் கம்பெனி ஆகிய அனைவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கும்படி தம் வழக்கறிஞரிடம் கேட்க வேண்டும். ஒரு கம்பெனி தன் பங்கை மட்டும் தந்து சமரசம் பேச வந்தால், முழுத் தொகைக்கும் அதுவே பொறுப்பு என்பதை அறிந்துகொள்ளாமல் லோக் அதாலத்தில் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது.